லே-ஆஃப், ஆட்குறைப்பு, நிறுவன மூடல்: நோட்டீசும் பணமும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சம்பளக் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பதால், நிறுவனம் கொடுத்த கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு என்னைத் தேடி வருபவர்கள் உண்டு. கடிதம் ஒவ்வொருவருக்கும் வேறு. சந்தேகங்கள் மட்டும் பெரும்பாலும் ஒன்றுதான். சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர்களை மனத்தில் வைத்து, அவற்றை அவர்கள் கேட்ட சொற்களிலேயே தொகுத்திருக்கிறேன்.

"லே-ஆஃப்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அப்போ எனக்கு வேலை போச்சா, இல்லையா?"

கடிதத்தில் திரும்ப வேலைக்கு வர வேண்டிய நாள் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அது தற்காலிக லே-ஆஃப். வேலை கொஞ்ச காலத்துக்கு நின்றிருக்கிறதே தவிர, உங்கள் வேலை ஒப்பந்தம் தொடர்கிறது. நீங்கள் இன்னமும் அந்த நிறுவனத்தின் ஊழியர்தான். அந்த நாளுக்குப் பதிலாக "உங்கள் கடைசி வேலை நாள்" என்று ஒரு தேதி இருந்தால் அது ஆட்குறைப்பு. உங்கள் பணியிடம் தேவைப்படவில்லை, அல்லது நிறுவனம் தன்னை மாற்றி அமைக்கிறது என்ற காரணத்தால் ஒப்பந்தமே முடிக்கப்படுகிறது என்பது அதன் பொருள்.

பேச்சில் இரண்டையும் லே-ஆஃப் என்றே சொல்கிறோம். அமெரிக்க நிறுவனங்களைப் பற்றிய செய்திகளும் வேலை நீக்கத்தை அந்தச் சொல்லாலேயே குறிப்பதால் குழப்பம் கூடுகிறது. வாயால் என்ன சொன்னார்கள் என்பதை விட்டுவிட்டு, எழுத்தில் எந்தத் தேதியைக் கொடுத்தார்கள் என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். எழுத்தில் ஒன்றுமே தரவில்லை என்றால், "நான் திரும்ப வர வேண்டிய நாள் எது?" என்று மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ அன்றைக்கே கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள்.

"கடையையே மூடுறாங்க. இது ஆட்குறைப்பா, இல்ல வேற கணக்கா?"

நோட்டீசுக்கும் இழப்பீட்டுக்கும் சிங்கப்பூரில் வேறு கணக்கு கிடையாது. மூடல் என்பது இருக்கும் எல்லாரையும் ஒரே நேரத்தில் ஆட்குறைப்புச் செய்வதுதான். "கம்பெனியே இல்லை, அப்புறம் என்ன நோட்டீஸ்?" என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடம் இல்லை.

நடைமுறையில் ஒரு பெரிய வித்தியாசம் மட்டும் உண்டு. ஆட்குறைப்பில் பணம் கொடுக்க ஒரு நிறுவனம் மிஞ்சியிருக்கும். மூடலில் அது மிஞ்சாமல் போகலாம். அதைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

"தற்காலிக லே-ஆஃப்னா எத்தனை நாள் வீட்டுல உட்கார வைக்கலாம்? சம்பளம் வருமா?"

மனிதவள அமைச்சு, தொழிற்சங்கங்கள், முதலாளிகள் ஆகிய முத்தரப்பும் சேர்ந்து வெளியிட்ட ஆலோசனைக் குறிப்பு இதற்கு அளவு சொல்கிறது. ஒரு தடவைக்கு ஒரு மாதத்துக்கு மேல் போகக் கூடாது. அந்தக் காலத்துக்கு மொத்தச் சம்பளத்தில் பாதிக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். சேர்ந்திருக்கும் ஆண்டு விடுப்பில் பாதி வரை எடுத்துக்கொள்ளும்படி நிறுவனம் கேட்கலாம். வாரத்தில் சில நாள் மட்டும் வேலையைக் குறைப்பது இதற்குத் தம்பி போன்றது: வாரத்துக்கு மூன்று நாளுக்கு மேல் குறைக்கக் கூடாது, ஒரு தடவைக்கு மூன்று மாதத்தைத் தாண்டக் கூடாது, வேலை இல்லாத நாளுக்குப் பாதிச் சம்பளமாவது உண்டு.

இது ஆலோசனைக் குறிப்புதானே தவிரச் சட்டம் அல்ல. ஆனால் அதனாலேயே முதலாளி தன் விருப்பப்படி சம்பளத்தைப் பாதியாக்கிவிட முடியாது. மாதம் இவ்வளவு என்று ஒப்பந்தத்தில் இருக்கும்போது, உங்கள் சம்மதம் இல்லாமல் குறைத்த தொகை பாக்கிச் சம்பளமாகவே நிற்கும். ஆகவே "சம்பளமில்லா விடுப்புக்கு நானே விண்ணப்பிக்கிறேன்" என்று அச்சடித்த படிவத்தை நீட்டினால் ஒன்றுக்கு இரண்டு முறை படியுங்கள். அந்தக் கையெழுத்து உங்கள் சம்மதமாகிவிடும். லே-ஆஃபுக்கு நீங்கள் ஒப்புக்கொண்டாலும் எத்தனை நாள், எவ்வளவு சம்பளம், எந்த நாளில் திரும்புவது என்ற மூன்றும் அந்தத் தாளில் இருக்கட்டும்.

"எனக்கு வொர்க் பர்மிட். வேலை இல்லைன்னு ரெண்டு வாரமா டார்மிட்டரியிலயே உட்கார வெச்சிருக்காங்க. வேலை செய்யாத நாளுக்குச் சம்பளம் கிடையாதாம், சரியா?"

சரியில்லை. வேலை அனுமதிச்சீட்டு வைத்திருப்பவருக்கு, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அறிவிக்கப்பட்ட நிலையான மாதச் சம்பளத்துக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்பது அந்த அனுமதிச்சீட்டின் நிபந்தனையே. அந்தத் தொகையைக் குறைக்க உங்கள் எழுத்துபூர்வமான சம்மதமும், மனிதவள அமைச்சுக்கு முன்கூட்டியே தெரிவிப்பதும் தேவை. சிங்கப்பூருக்கு வெளியே சம்பளமில்லா விடுப்பில் இருந்தால் மட்டும் விதிவிலக்கு உண்டு. டார்மிட்டரியில் படுத்திருப்பது வெளிநாட்டில் விடுப்பில் இருப்பது ஆகாது.

ஊரிலிருந்து புறப்படும் முன் தமிழில் வந்த கொள்கை அளவிலான ஒப்புதல் கடிதத்தைத் தேடி எடுங்கள். அதில் அடிப்படைச் சம்பளம், அலவன்ஸ், பிடித்தம் எல்லாம் எண்ணில் இருக்கும். பிரச்சினை வரும்போது அந்த ஒரு தாள், வாய்ச்சண்டை பத்துக்குச் சமம். வேலை முடித்து அனுப்பும்போது ஊர் திரும்பும் பயணச் செலவும் முதலாளியுடையதே. அதை இழப்பீட்டில் கழிக்கக் கூடாது.

"ஆட்குறைப்புன்னா எத்தனை நாள் முன்னாடி சொல்லணும்?"

ஒப்பந்தத்தில் நோட்டீஸ் காலம் எழுதியிருந்தால் அதுதான் கணக்கு. ஒன்றும் எழுதாவிட்டால் வேலை நியமனச் சட்டம் சேவைக் காலத்தைப் பொறுத்து அளவு வைத்திருக்கிறது: 26 வாரத்துக்குக் குறைவான சேவைக்கு ஒரு நாள், அதற்கு மேல் இரண்டு ஆண்டு நிறையாதவருக்கு ஒரு வாரம், இரண்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டு நிறையாதவருக்கு இரண்டு வாரம், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் என்றால் நான்கு வாரம்.

நோட்டீஸ் கொடுத்த நாளும், இடையில் வரும் ஓய்வு நாள், பொது விடுமுறை நாள்களும் இதில் சேரும். 1ஆம் தேதி நான்கு வார நோட்டீஸ் கொடுத்தால் 28ஆம் தேதி அது முடிகிறது. "வேலை நாள்தான் கணக்கு" என்று நம்பி ஒரு வாரம் தள்ளிப் போட்டு ஏமாந்தவர்கள் உண்டு.

"நாளையிலிருந்து வர வேண்டாம்னு சொன்னா?"

சொல்லலாம், ஆனால் நோட்டீஸ் காலம் முழுவதற்கும் உரிய மொத்தச் சம்பளத்தைக் கையில் கொடுக்க வேண்டும். இதுவும் ஆட்குறைப்பு இழப்பீடும் இரண்டு தனித்தனிப் பணம். "ஒரு மாதச் சம்பளம் தருகிறோம், அதுவே இழப்பீடு" என்று ஒரே வரியில் முடிக்கும் கடிதங்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அந்த ஒரு மாதம் நோட்டீசுக்கா, இழப்பீட்டுக்கா என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

"இழப்பீடு சட்டப்படி எவ்வளவு?"

வருடத்துக்கு இவ்வளவு கொடுத்தே ஆக வேண்டும் என்று சிங்கப்பூர்ச் சட்டம் எந்தத் தொகையையும் வைக்கவில்லை. வேலை நியமனச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, தொடர்ச்சியாக இரண்டு ஆண்டு சேவை இல்லாதவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடு கோரும் உரிமை இல்லை என்று மட்டும் சொல்கிறது. இரண்டு ஆண்டு முடித்தவருக்கு எவ்வளவு என்பதை வேலை ஒப்பந்தமோ தொழிற்சங்கத்தின் கூட்டு ஒப்பந்தமோ முடிவு செய்யும். அவற்றில் எதுவும் இல்லை என்றால் பேசித்தான் பெற வேண்டும்.

பேசும்போது கையில் வைத்துக்கொள்ள ஓர் அளவுகோல் உண்டு. முத்தரப்பு ஆலோசனைக் குறிப்பின்படி, ஒரு சேவை ஆண்டுக்கு இரண்டு வாரச் சம்பளத்திலிருந்து ஒரு மாதச் சம்பளம் வரை கொடுப்பது வழக்கம். தொழிற்சங்கம் உள்ள இடங்களில் ஆண்டுக்கு ஒரு மாதம் என்பதே பொதுவாகக் கூட்டு ஒப்பந்தத்தில் இருக்கும். ஒப்பந்தத்தில் இந்த ஒரு வரி இருக்கிறதா என்பதை வேலைக்குச் சேரும்போது யாரும் பார்ப்பதில்லை. அது இருந்தால் கேட்பது உரிமை. இல்லாவிட்டால் கேட்பது வேண்டுகோள். இத்தனை கேள்விகளிலும் எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்த இடம்தான்.

"எங்க ஊர்ல வருஷத்துக்குப் பதினைஞ்சு நாள் சம்பளம் கட்டாயம்னு சொல்றாங்களே?"

அது இந்தியச் சட்டம். அங்கே தொழிலாளர் என்ற வரையறைக்குள் வருபவருக்கு, நிறைவடைந்த ஒவ்வொரு சேவை ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் ஒரு மாத நோட்டீசும் சட்டத்திலேயே உண்டு. லே-ஆஃப், ஆட்குறைப்பு, மூடல் மூன்றுக்கும் தனித்தனி விதிகளும் அங்கே உண்டு. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டம் வகுத்த பிரிவினை அது.

சிங்கப்பூரில் செய்யும் வேலைக்கு அந்த விதி பொருந்தாது. இணையத்தில் தமிழில் தேடினால் கிடைப்பவை பெரும்பாலும் இந்தியச் சட்ட விளக்கங்கள் என்பதால், அவற்றை நம்பி இங்கே பேச்சுவார்த்தைக்குப் போய் விழித்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

"ஒரு வருஷம் பதினோரு மாசம் ஆச்சு. ஒரு மாசம் குறைச்சலுக்கு ஒண்ணுமே கிடையாதா?"

உரிமையாகக் கேட்க முடியாது. நல்லெண்ணத் தொகையாகக் கொடுக்கலாம் என்று ஆலோசனைக் குறிப்பு நிறுவனங்களை ஊக்குவிக்கிறது, அவ்வளவுதான். ஆனால் நோட்டீஸ், பாக்கிச் சம்பளம், எடுக்காத விடுப்புக்கான பணம் ஆகியவை இரண்டு ஆண்டுக் கணக்கைச் சார்ந்தவை அல்ல. அவற்றை விட வேண்டாம்.

சேவைக் காலம் கடைசி வேலை நாள் வரை ஓடுகிறது என்பதையும் கவனியுங்கள். நோட்டீஸ் காலத்தை வேலை செய்தே முடிக்கும்போது அந்த நாள்களும் சேவையில் சேரும். இரண்டு ஆண்டு நிறைய சில நாள்களே பாக்கி இருப்பவருக்கு அது முக்கியம்.

"ஆறு வருஷம் வேலை பார்த்திருக்கேன். கம்பெனி போட்ட கணக்கு சரியான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

நான் சரிபார்த்த ஒரு கணக்கைச் சொல்கிறேன்; அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஓர் உணவகத்தில் சமையல்காரர், வாரம் ஆறு நாள் வேலை, சேவை 6 ஆண்டு 4 மாதம். அடிப்படைச் சம்பளம் 2,800 வெள்ளி, சமையலறைப் பொறுப்பு அலவன்ஸ் 300 வெள்ளி, ஆக மொத்தச் சம்பளம் 3,100 வெள்ளி. (மொத்தச் சம்பளத்தில் சாப்பாடு, பயணம், தங்குமிடம் ஆகியவற்றுக்கான அலவன்ஸ் சேராது.) ஒப்பந்தம் நோட்டீசைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆட்குறைப்புக்கு, நிறைவடைந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் இரண்டு வார மொத்தச் சம்பளம் என்று இருந்தது. கிளையை மூடி, அன்றே போகச் சொல்லிவிட்டார்கள். கடிதத்தில் இருந்த தொகை 5,723.08 வெள்ளி.

ஒரு நாள் சம்பளத்தைக் கண்டுபிடிக்க, மாதத் தொகையை 12ஆல் பெருக்கி, 52 வாரத்தின் வேலை நாள்களால், அதாவது 312ஆல் வகுக்க வேண்டும். 37,200ஐ 312ஆல் வகுத்தால் 119.23 வெள்ளி. ஐந்து ஆண்டு தாண்டியதால் நோட்டீஸ் நான்கு வாரம். 24 வேலை நாளுக்கு 2,861.54 வெள்ளி. இழப்பீடு ஆறு ஆண்டுக்கு 12 வாரம், அதாவது 72 நாள்; 8,584.62 வெள்ளி. ஏழாவது ஆண்டில் சட்டப்படி 13 நாள் விடுப்பு. நான்கு மாதத்துக்கு 4 நாள் வருகிறது. ஒரு நாளை எடுத்துவிட்டதால் மூன்று நாளுக்கு 357.69 வெள்ளி. கூட்டினால் 11,803.85 வெள்ளி. அந்த மாதம் வேலை செய்த நாள்களின் சம்பளம் இதற்கு மேல்.

6,080.77 வெள்ளி எங்கே போயிற்று? மூன்று ஆண்டுக்கு முன் பழைய ஒப்பந்தம் முடிந்த மறுநாளே அவரிடம் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். கணக்குப் போட்டவர் அந்தத் தேதியிலிருந்து மூன்று ஆண்டு என்று எடுத்துக்கொண்டார். அதனால் நோட்டீஸ் இரண்டு வாரமாகவும் இழப்பீடு பாதியாகவும் சுருங்கியது. விடுப்பு விட்டே போயிற்று. இடைவெளி இல்லாமல் தொடர்ந்ததால் சேவை ஆறு ஆண்டுதான். பழைய ஒப்பந்தத்தையும் முதல் மாதச் சம்பளச் சீட்டையும் அவருடைய மனைவி ஒரு பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தார். அவற்றைக் காட்டியதும் நிறுவனம் திருத்திக் கொடுத்தது.

"ஒப்பந்தத்துல வெறும் 'சம்பளம்'னு மட்டும்தான் போட்டிருக்கு. அடிப்படையா, மொத்தமா?"

இது பேச்சுவார்த்தைக்குரிய இடம். மேலே சொன்னவருக்கு அடிப்படைச் சம்பளத்தை எடுத்திருந்தால் இழப்பீடு 7,753.85 வெள்ளியாக இருந்திருக்கும். 830 வெள்ளி குறைவு. முன்பு வேலை போனவர்களுக்கு அதே நிறுவனம் எந்தக் கணக்கில் கொடுத்தது என்று விசாரியுங்கள். நோட்டீஸ் பணத்திலும் விடுப்புப் பணத்திலும் இந்தச் சந்தேகமே வரக் கூடாது; அவை மொத்தச் சம்பளத்தில்தான்.

"இதுல சிபிஎஃப், வரி எல்லாம் பிடிப்பாங்களா?"

வேலை இழந்ததற்காகக் கொடுக்கும் இழப்பீட்டுக்கு மத்திய சேம நிதிச் சந்தாவும் இல்லை, வருமான வரியும் இல்லை. நோட்டீசுக்குப் பதிலான பணத்துக்குச் சந்தா இல்லை, வரி உண்டு. வேலை செய்த நாள்களின் சம்பளத்துக்கு இரண்டும் வழக்கம்போல் உண்டு. ஆறாவது கேள்வியில் பணத்தைப் பிரித்து எழுதித் தரச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

வெளிநாட்டவருக்கு வரிக் கணக்கைத் தீர்க்க வேண்டியிருந்தால், அது முடியும்வரை முதலாளி பணத்தை நிறுத்தி வைப்பார். அது பிடித்தம் அல்ல. வரி போக மீதி உங்களுக்கு வந்து சேர வேண்டும்.

"ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுத்தா 'ரெக்கார்டு' நல்லா இருக்கும்னு மேனேஜர் சொல்றார். எழுதலாமா?"

எழுதாதீர்கள். ராஜினாமா செய்தவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடு இல்லை. நோட்டீஸ் கொடுக்கும் கடமையும் உங்கள் பக்கம் திரும்பிவிடும். ஆட்குறைப்பு என்று எழுதிய கடிதம் உங்கள் திறமையைக் குறைத்துச் சொல்வதல்ல. பணியிடம் போயிற்று என்றுதான் அது சொல்கிறது.

வற்புறுத்தலால் ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டால், அதை நியாயமற்ற பணிநீக்கமாகக் கருதி முறையிட வழி உண்டு. வற்புறுத்தலை நீங்கள்தான் காட்ட வேண்டும். அன்று வந்த குறுஞ்செய்திகளை அழித்துவிட வேண்டாம்.

"ஆட்குறைப்புன்னு அனுப்பிட்டு ரெண்டு வாரத்துல அதே வேலைக்கு ஆள் எடுத்திருக்காங்க."

அப்படியானால் சொன்ன காரணம் பொய்யாகிறது, அது நியாயமற்ற பணிநீக்கம் என்று முறையிடலாம். வேலை விளம்பரத்தைத் தேதியோடு படம் பிடித்து வையுங்கள். இதன் மறுபக்கமும் உண்டு: "ஆட்குறைப்பு இல்லை, ஒப்பந்தப்படி நோட்டீஸ் கொடுத்து முடித்தோம்" என்று சொல்லும் நிறுவனம், அந்த இடத்தை நிரப்பப் போவதாகக் காட்ட முடியாவிட்டால் அதை ஆட்குறைப்பு என்றே மனிதவள அமைச்சு எடுத்துக்கொள்ளும். பத்துப் பேருக்குக் குறையாத ஊழியர்களை வைத்திருக்கும் நிறுவனம், ஒரே ஒருவரை ஆட்குறைப்புச் செய்தாலும், அவருக்குத் தெரிவித்த ஐந்து வேலை நாளுக்குள் அமைச்சுக்கு அறிவிக்க வேண்டும். 2021 நவம்பர் 1 முதல் இது நடைமுறையில் உள்ளது.

"மூடலை, இன்னொருத்தருக்கு வித்துட்டாங்க. பழைய வருஷமெல்லாம் போச்சா?"

போகாது. வியாபாரம் அப்படியே கைமாறும்போது, வேலை நியமனச் சட்டத்தின் 18ஏ பிரிவின்படி உங்கள் ஒப்பந்தமும் அதே நிபந்தனைகளோடு புதிய முதலாளியிடம் போகிறது; சேவை அறுபடுவதில்லை. புதியவர் "புதிதாகச் சேர்ந்ததாக" ஒரு தாள் நீட்டினால், சமையல்காரரின் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

"கதவைப் பூட்டிட்டாங்க, முதலாளி போனை எடுக்கலை. யார்கிட்ட கேட்கிறது?"

நிறுவனம் கலைக்கப்படும் நிலைக்குப் போய்விட்டால் அதன் சொத்துகளைக் கலைப்பாளர் ஒருவர் கையில் எடுத்துக்கொள்வார். அவரிடம் கடன் உரிமைப் படிவம் கொடுத்து, பாக்கிச் சம்பளம், விடுப்புப் பணம், இழப்பீடு ஒவ்வொன்றையும் தனித்தனித் தொகையாக எழுதுங்கள். ஊழியர்களின் சம்பளமும் ஆட்குறைப்பு இழப்பீடும் சாதாரணக் கடன்காரர்களுக்கு முன்னால் கொடுக்கப்பட வேண்டியவை. சட்டம் அவற்றுக்கு உச்சவரம்பும் வைத்திருக்கிறது. ஆனால் குறிப்பிட்ட சொத்தை அடமானமாகப் பிடித்திருக்கும் வங்கி அதை முதலில் எடுத்துக்கொள்ளும். வாடகைக் கடையும் பழைய அடுப்பும் மட்டுமே சொத்தாக இருந்த நிறுவனத்தில் முன்னுரிமை இருந்தும் கைக்கு வருவது குறைவாகவே இருக்கும்.

அதனால் மூடல் வருகிறது என்ற அறிகுறி தெரிந்ததுமே அசைய வேண்டும். சம்பளம் ஒரு மாதம் தள்ளிப் போவது, சேம நிதிக் கணக்கில் சந்தா ஏறாமல் இருப்பது, சரக்குக்காரர்கள் ரொக்கம் கேட்பது ஆகியவை அந்த அறிகுறிகள். "அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன்" என்ற வாக்குக்காக மூன்று மாதம் காத்திருந்தவர்கள், முதல் மாதமே முறையிட்டவர்களைவிட அதிகம் இழந்தார்கள்.

"எங்கே, எத்தனை நாளுக்குள்ள முறையிடணும்?"

சர்ச்சை நிர்வாகத்துக்கான முத்தரப்புக் கூட்டணியிடம் முதலில் போக வேண்டும். அங்கே சமரசப் பேச்சு நடக்கும். முடியாவிட்டால் வேலை நியமன உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போகும். சம்பளம், நோட்டீஸ் பணம், ஒப்பந்தத்தில் உள்ள இழப்பீடு ஆகியவற்றுக்கு, வேலையை விட்ட கடைசி நாளிலிருந்து ஆறு மாதம் அவகாசம். நியாயமற்ற பணிநீக்கம் என்ற முறையீட்டுக்கு ஒரே மாதம்தான். ராஜினாமா எழுத வைக்கப்பட்டவரும், தன் இடத்துக்கு வேறு ஆள் வந்ததைப் பார்த்தவரும் இந்த இரண்டாவது கணக்கில் வருகிறார்கள். "ஆறு மாதம் இருக்கிறதே" என்று இருந்துவிட்டு ஐந்தாவது வாரம் வந்தவருக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.